மேற்படிப் புள்ளிகள்

பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் பதிவேடுதான். அதையும் ஒழுங்காக எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் இது.

தொண்ணூற்று ஒன்றாம் வருடம். ஒரகடம் பக்கம் அப்போது கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீஸில் நான் உதவியாள். கார்டு அடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல், ஒரு மேஜை. வேலை நேரத்தில் யாராவது வெளியே போனால் அவுட் பாஸ் சீட்டு வேண்டும். கேட்டில் வாட்ச்மேன் அந்தச் சீட்டிலேயே போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்து, சாயங்காலம் கட்டாக என்னிடம் கொடுப்பார். நான் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் முதல் சீட்டின் நேரத்தை மட்டும் எழுதிவிட்டு, கீழே வருகிற பெயர்களுக்கெல்லாம் இரண்டு புள்ளி வைத்துவிடுவேன். மேற்படி என்று அர்த்தம். யாரும் அந்தப் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. சம்பளத்துக்குக் கார்டுதான் கணக்கு.

காயில் பிரிவில் முப்பது வயதுள்ள ஒரு பெண் இருந்தார். வடக்குப்பட்டிலிருந்து நடந்தே வருவார். புருஷன் பிரிந்து போய், ஐந்து வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லிச் செங்கல்பட்டு கோர்ட்டில் மனு போட்டிருந்தான். மாதம் ஒரு வாய்தா வரும். அன்றைக்கு அவர் அவுட் பாஸ் எழுதுவார். காரணம் என்ற இடத்தில் 'கோர்ட்' என்று மட்டும் இருக்கும். அதே கம்பெனியில் ஒரு ஃபிட்டர். பெல்ட், பேரிங் வாங்கப் பூந்தமல்லிக்கு அடிக்கடி போவார். அவர் போவதும் அதே பதிவேட்டில்தான் ஏறும்.

இரண்டு வாய்தா நாளில் ஃபிட்டரும் வெளியே போயிருந்தார். இரண்டு நாளும் அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே ஃபிட்டரின் பெயர். போன நேரத்திலும் வந்த நேரத்திலும் என்னுடைய இரண்டு புள்ளி.

ஒரு நாள் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் தன் ஓ.டி. பற்றிக் கேட்க ஜன்னலுக்கு வந்தார். கேலிக்காரர். அவர் வந்தால் லைனே கலகலப்பாகும். பதிவேடு திறந்து கிடந்தது.

"இன்னா டைமு, போம்போதும் ஒண்ணா, வரும்போதும் ஒண்ணா? ரெண்டு தபாவா?" என்றார். டைம் ஆபீஸ்காரன் என்பதால் என்னை அவர் டைமு என்றுதான் கூப்பிடுவார்.

நான் சிரித்தேன். என்ன பதில் சொல்வது என்று தெரியாதபோது சிரித்துவிடுவது என் சுபாவம். இல்லை அண்ணே, அது நான் சோம்பேறித்தனமாகப் போட்ட புள்ளி என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் சிரிப்பை அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாளில் அது கேட்டுக்கு வெளியே டீக்கடை வரை போய்விட்டது. ஃபிட்டர் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாராம், ஸ்ரீபெரும்புதூரில் ரூம் எடுத்திருக்கிறார்களாம் என்று நாளுக்கொரு சேர்க்கை. அந்தப் பெண் பர்சனல் ஆபீசரிடம் போய் நின்றார். டைம் ஆபீசுக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்கும்.

"டீக்கடையில பேசறதுக்கெல்லாம் சார்ஜ் ஷீட் குடுக்க முடியாதும்மா. யாரோ சொன்னாங்க, யாரோ கேட்டாங்கங்கறது நிக்காது. கம்பெனிக்கு உள்ள, வேலை நேரத்துல, இன்னார்தான் சொன்னாருன்னு இருக்கணும். லைன்ல ஒழுங்கு கெட்டுப்போச்சுன்னு காட்டணும். அப்பதான் கம்பெனி ரூலு, ஸ்டாண்டிங் ஆர்டர்ல அது குத்தம்."

"என் பொண்ணு விஷயம் சார். அந்தாளோட வக்கீலு காதுல உழுந்துச்சுன்னா, நடத்தை சரியில்லன்னு சொல்லி புள்ளய புடுங்கிடுவாங்க."

"புரியுதும்மா. முதல்ல கூப்பிட்டு எச்சரிக்கை பண்றேன்."

ஆபரேட்டரைக் கூப்பிட்டு வாய்மொழியாக எச்சரித்தார். அதற்கடுத்த வாய்தா நாள் காலை, அந்தப் பெண்ணின் சுற்றும் மெஷின் மேல் சாக்பீஸில் அவர் பெயரும் ஃபிட்டர் பெயரும் எழுதியிருந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இன்னாமே, இன்னிக்கி வாய்தா கோர்ட்லயா, ஃபிட்டர் வூட்லயா?"

எட்டுப் பெண்கள் சிரித்ததில் லைன் நின்றது. அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே ஓடினார். சூப்பர்வைசர் ரிப்போர்ட் எழுதினார். இப்போது அது குற்றமாகிவிட்டது. ஆபரேட்டருக்குச் சார்ஜ் ஷீட் போயிற்று. எச்சரித்த பிறகும் சக ஊழியரைப் பற்றி அவதூறு பேசியது, மெஷினில் எழுதியது, லைனின் ஒழுங்கைக் கெடுத்தது. அவர் கொடுத்த விளக்கத்தில் ஒரு வரி என்னைப் பற்றியது. 'டைம் ஆபீஸ் பதிவேட்டில் உள்ளதைத்தான் சொன்னேன்.'

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய சீட்டுக் கட்டைப் பிரித்தேன். அந்த இரண்டு நாள் சீட்டும் இருந்தன. முதல் நாள் அந்தப் பெண் போனது 9.40, வந்தது 2.15. ஃபிட்டர் போனது 11.00, வந்தது 4.30. இன்னொரு நாள் ஃபிட்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வெளியிலேயே போயிருக்கிறார். வாட்ச்மேனின் கோணல் எழுத்து. மறுக்க ஒன்றுமில்லை. கட்டைத் திரும்பச் சணல் போட்டுக் கட்டி உள்ளே வைத்தேன். பதிவேட்டைத் தப்பாக எழுதுவதும் ஸ்டாண்டிங் ஆர்டரில் குற்றம்தான். அந்தப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம்.

விசாரணை கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி காஞ்சிபுரத்திலிருந்து வந்த வக்கீல். கம்பெனி தரப்பில் பர்சனல் ஆபீசர். ஆபரேட்டருக்குத் துணையாகத் தொழிற்சங்கத் தோழர் ஒருவர். கேள்வியும் பதிலும் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் பெண் நடந்ததைச் சொன்னார். பிறகு, "சார், அது பொய்னு உங்க பேப்பர்ல எழுதிக் குடுங்க, கோர்ட்ல காட்டிக்கிறேன்" என்றார்.

வக்கீல் பேனாவை வைத்தார். "அது உண்மையா பொய்யாங்கறது இந்த விசாரணை இல்லம்மா. இவர் சொன்னாரா இல்லையா, அதனால ஒழுங்கு கெட்டுச்சா, அவ்வளவுதான்."

எட்டுப் பேரில் ஒரே ஒரு பெண் மட்டும், காதால் கேட்டேன் என்று சொன்னாள். மற்றவர்கள், சத்தத்தில் கேட்கவில்லை என்றார்கள். சாக்பீஸில் எழுதியதை யாரும் பார்க்கவில்லை. பிறகு சங்கத் தோழர் பதிவேட்டோடு என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"இது உங்க எழுத்துதான?"

"ஆமாங்க."

"ரெண்டு நாளும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போயி ஒரே நேரத்துல வந்ததா இதுல கீது. சரிதான?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. நான் சொல்லப்போகிற பதிலால் தனக்கு நல்லது நடக்கும் என்று நம்புகிற பார்வை. அவர் எத்தனை மணிக்குப் போனார் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்.

"பதிவேட்ல இருக்கறது சரிதாங்க" என்றேன்.

பர்சனல் ஆபீசர், மூலச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். பழசெல்லாம் இல்லை சார் என்றேன். வக்கீல் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் ஆபரேட்டர் என் முதுகில் தட்டி, "டைமுன்னா டைமு" என்றார். அப்போதும் சிரித்தேன்.

விசாரணை முடிவு மூன்று பக்கம். லைனில் அப்படிச் சொன்னது நிரூபணம். மெஷினில் எழுதியது நிரூபணமாகவில்லை. அதற்குக் கீழே, 'வன்மத்தால் அல்லாமல், அலுவலகப் பதிவேட்டில் இருவரும் ஒரே நேரத்தில் வெளியே சென்று திரும்பியதாக இருந்ததை நம்பியே பேசியிருப்பதாகத் தெரிகிறது' என்று ஒரு வரி. கம்பெனி அதைப் பார்த்து எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்து முடித்துக்கொண்டது. புகார் கொடுத்தவருக்கு நகல் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. அந்த நகல் டீக்கடையில் கை மாறியது. யார் கொடுத்தார்கள் என்று தெரியாது, அடுத்த வாய்தாவில் அது புருஷனின் வக்கீல் கையில் இருந்தது.

அதுவரை பேச்சாக இருந்தது, இப்போது முத்திரை வைத்த காகிதம். அந்தப் பெண்ணின் அண்ணன், இதற்கு மேல் அசிங்கம் வேண்டாம், சமாதானமாகப் போய்விடு என்று சொல்லிவிட்டாராம். பெண் குழந்தையை அப்பாவிடம் விடுவது, மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மா போய்ப் பார்ப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தார். வழக்கமாக அவுட் பாஸ் சீட்டைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவார். அன்றைக்கு நேரே என்னிடம் நீட்டினார்.

"அந்தாளோட வக்கீலு அந்தப் பேப்பர நீட்டுனாருண்ணா. டைம் ஆபீஸே சொல்லிடுச்சே, இன்னும் இன்னான்னு கேட்டாரு. நான் இன்னா சொல்றது?"

நான் கை நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டேன். பழைய சீட்டுக் கட்டு என் முழங்காலுக்கு நேராக இழுப்பறைக்குள் இருந்தது. இழுத்தால் வந்துவிடும்.

"உன்ன தப்பு சொல்லலண்ணா. பொஸ்தகத்துல இன்னா கீதோ அத்ததான சொல்ல முடியும் நீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டைப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் 'பாப்பாவ வுட்டுட்டு வர' என்று எழுதியிருந்தது. அதைக் கேட்டுக்கு அனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்ததும் பதிவேட்டில் ஏற்றினேன். போனது 10.20, வந்தது 3.05. அந்த வரியில் புள்ளி வைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வரியிலும் வைக்கவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் திரும்பி வரவில்லை. அந்தப் பழைய சீட்டுக் கட்டு வருடக் கடைசியில் பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிற்று. சாக்கில் திணித்தவன் நான்தான்.

அந்த வியாழனுக்கு மறுநாள் அந்தப் பெண் 7.52க்குக் கார்டு அடித்தார். ஃபிட்டர் 11.05க்குப் பூந்தமல்லி போய் 3.40க்கு வந்தார். வேறு சீட்டு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு இனி வாய்தா இல்லை.