செத்த போனுக்குத் திறந்த கேட்

ஊசி என்று அவளுக்குப் பேர் வைத்தது அத்தான்தான். ஒல்லியாக இருப்பாள், மயிரிழைக் கம்பியைக்கூட நடுங்காமல் பற்றவைப்பாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேராக முடித்துவிட்டார். வணிக வளாகம் முழுக்க அது பரவி, அவளுடைய சொந்தப் பேரைக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரர்கள் யோசிக்க வேண்டியிருந்தது.

அப்பா போன பிறகு அக்கா வீட்டுக்கு வந்தவள். அத்தானின் போன் ரிப்பேர் கடையில் மேசையும் மைக்ரோஸ்கோப்பும் அவளுக்கு என்று ஆயின. ஆனால் அவளிடம் வருவதெல்லாம் விலை குறைந்த போன்கள். விலை கூடிய போன் வந்தால் அத்தான் இரண்டு கையாலும் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொள்வார்.

"உன் கை சுத்தம்தான். ஆனா இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். நீ உன் ஏழைங்களைப் பாரு."

அந்த ஏழைகளைப் பிரித்தே அவள் தொழிலைக் கற்றாள். போனைக் காட்டியே காசு கட்ட பேங்க் கார்டை அதில் பதிந்து வைத்திருப்பவர்கள் பயந்துகொண்டுதான் போனை விட்டுப் போவார்கள். அவர்களுக்கு அவள் சொல்லும் பதில் வளாகத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்.

"உங்க கார்டு நம்பர் போன்ல கிடையாதுங்க. அதுக்குப் பதிலா ஒரு மாற்று நம்பர். பேங்க்ல இருந்து நெட் வழியா சாவி வரும், கொஞ்ச தடவைக்குத்தான் செல்லும், தீர்ந்தா புதுசு வரும். ஆப் அதைப் பூட்டி வச்சுக்கிட்டு, காசு வாங்கற மெஷின் முன்னாடி கார்டு மாதிரி நடிக்கும். போன் அணைஞ்சா ஆப் ஓடாது. அப்புறம் யாரு நடிக்கிறது?"

அவள் கைக்கு வந்த போன்களைப் பொறுத்தவரை இதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

அந்த வருடம் அவள் முதல் மாடியில் ஒரு சிறிய இடம் பார்த்தாள். சொந்த மேசை போடுவதென்று முடிவு. வளாகச் சங்கம் கையெழுத்துப் போட்டால் போதும். அத்தானிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "போயேன், நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்?" என்று சிரித்தார். மறுநாள் ஒரு விலை கூடிய போனை அவள் மேசையில் வைத்தார். சார்ஜ் ஏறவில்லை, பேட்டரி தீர்ந்து தானாகவே அணைந்திருந்தது.

"இதை நீயே பாரு. தனிக்கடை போடப் போறவ, எல்லாம் தெரியணும்ல?"

அவளுக்குச் சந்தோஷம். சார்ஜ் போர்ட் போயிருந்தது. "பார்ட் ஏஜென்சியில பொருத்திப் பார்த்தே வாங்கிட்டு வந்துடறேன்" என்று அத்தான் போனையும் கையோடு எடுத்துப் போனார். சாயங்காலம் போனும் பார்ட்டும் வந்தன. காலையில் மாற்றி, சார்ஜ் ஏற்றி, சொந்தக்காரியிடம் கொடுத்தாள். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் அவள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் தன் அண்ணனோடு வந்து கடை வாசலில் நின்றாள்.

"என் போன் உங்க கடையில இருந்த அன்னிக்குச் சாயங்காலம் ஸ்டேஷன் கேட்டைத் தாண்டியிருக்கு. டிக்கெட் காசு என் கார்டுல போயிருக்கு. யாரு போனது?"

"சின்னக் காசுதானேம்மா" என்றார் அத்தான்.

"இன்னிக்கு டிக்கெட். நாளைக்கு என் அக்கவுண்டையே துடைச்சிட்டா?"

சங்கத் தலைவர் வந்தார். கீழ்த்தளத்தில் போன் உறை விற்பவர். ஊசியின் விண்ணப்பம் அவர் மேசையில்தான் கிடந்தது. திருட்டுப் பட்டம் விழுந்தால் மேசையும் இல்லை, வளாகத்தில் வேலையும் இல்லை. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"செத்த போன் எப்படிங்க காசு கட்டும்?" என்றாள் ஊசி. "வாங்க ஸ்டேஷனுக்கு. கண்ணால பாருங்க."

அவளே வாய்விட்டுக் கேட்டதுதான். மருந்துக் கம்பெனிப் பெண்ணின் போனில் சார்ஜ் கடைசி மூச்சில் இருந்தது. டார்ச்சைப் போட்டு விட்டதும் தீர்ந்து அணைந்தது. ஊசியும் கார்டு பதிந்திருந்த தன் போனை அப்படியே தீர்த்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போகலாமே" என்றார் தலைவர்.

"வேண்டாம், இப்பவே போயிடலாம். லேட்டானா அந்தத் துளியும் தீர்ந்துடும்" என்றார் அத்தான்.

எந்தத் துளி என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் ஊசி தன் போனைக் கேட்டில் வைத்தாள். கேட் அசையவில்லை. திருப்பி வைத்தாள். ஒன்றுமில்லை.

"பார்த்தீங்களா?" என்று எல்லார் முகத்தையும் பார்த்தாள். கடையில் உட்கார்ந்தே பழகியவள், அன்று கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

அந்தப் பெண் தன் போனை வைத்தாள். போனின் திரை கருத்தே கிடந்தது, கேட் திறந்துகொண்டது.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடேயப்பா! ஊசி, உன் பொணம் படுத்துக்கிச்சு, இவங்க பொணம் எழுந்து நடக்குதே!"

அந்தப் பெண்ணின் அண்ணன் ரயில் கேட் மெஷின்களைப் பராமரிப்பவர். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னது ஆப் நடிக்கிற போனுங்க. அது உங்களுது. இதுல போர்டுலயே தனிச் சிப் இருக்கு. மாற்று நம்பர், சாவி எல்லாம் அதுக்குள்ள. போனோட மெயின் பிராசஸருக்கே அது சாவியைக் காட்டாது; உள்ளயே கணக்குப் போட்டு விடையை மட்டும் வெளிய தரும். போன் அணையும்போது பேட்டரியில ஒரு துளி மிச்சம் வச்சுக்கும். அந்தத் துளியில சிப் இன்னும் சில மணி நேரம் ஓடும். ரயிலுக்குன்னு ஒதுக்கின கார்டுக்கு விரல் ரேகை, முகம் எதுவும் கேட்காது. கடையில வச்சா செல்லாது. கேட்ல செல்லும்."

ஊசி அத்தானைப் பார்த்தாள்.

"துளின்னு அப்பவே சொன்னீங்களே அத்தான். இவர் சொல்றதுக்கு முன்னாடியே."

"நானா? எப்போ?"

"போனை எடுத்துக்கிட்டு ஏஜென்சிக்கு ரயில்ல போனது நீங்கதானே?"

"பைக்ல போனேன். வந்ததும் போனை உன் கையிலதானே கொடுத்தேன்?" தலைவரிடம் திரும்பினார். "சின்னப் பொண்ணு, பயத்துல உளறுது. தெரியாமப் பண்ணியிருந்தா மன்னிச்சு விட்டுடலாங்க. ஆனா தெரியாதுன்னு நாடகம் போட்டு, நம்மளை இங்க வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கு பாருங்க, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அந்தப் பேச்சுதான் அவளைச் சாய்த்தது. தொழில் தெரிந்தவள், தெரிந்துகொண்டே பொய் சொன்னாள் என்று ஆகிவிட்டது. அவளுக்கு அந்தச் சிப் தெரியாது என்பதை நம்ப அங்கே ஒருவரும் இல்லை. தெரியாதவளா சொந்த மேசை போட வந்தாள்?

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு முழுக்க அத்தான் பைக் வீட்டு வாசல்லதானே நின்னுச்சு?"

"நின்னுச்சு."

"அப்போ தலைவர்கிட்ட வந்து சொல்லு."

அக்கா ஒரு சட்டையை உதறினாள். "சொல்லிட்டு நான் எங்க போய்ப் படுக்கட்டும்? உன் கூடவா?"

தலைவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பக்கத்துத் தெருக் கடைகளிலும் ஏறி இறங்கினாள். அவளுக்கு முன்னாலேயே அந்தக் கதை எல்லாக் கடைக்கும் போயிருந்தது. "செத்த போன்ல ரயில் ஏறின பொண்ணுதானே நீ?" என்று ஒருவன் ஆசையாக விசாரித்தான், டீ வேண்டுமா என்றும் கேட்டான். வேலை மட்டும் இல்லை.

கடைசியில் அத்தானே கூப்பிட்டார். கடையின் பின்பக்கம் ஒட்டுப்பலகையால் தடுத்து, மைக்ரோஸ்கோப்பை உள்ளே தள்ளியிருந்தார். வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாது; சம்பளம் பழையதில் பாதி. வந்து உட்கார்ந்தாள்.

இப்போதெல்லாம் விலை கூடிய போன்களும் அவளிடம் வருகின்றன. வேறு யாருக்கும் அவ்வளவு சுத்தமாக வேலை வராது. தடுப்புக்கு மேலாக அத்தானின் கை நீண்டு போனை வைக்கும்.

"இதுல சிப் இருக்கு. பத்திரம், ஊசி."

முன்பக்கம் யாராவது சிரிப்பார்கள். அவள் திருகாணிகளைக் கழற்றத் தொடங்குவாள்.