உப்பளம் பக்கத்துச் சிவப்புப் புள்ளி

என்னைப் போன்ற முட்டாளுக்குச் சான்றிதழ் கொடுத்த கம்பெனியை முதலில் கேட்க வேண்டும். என் வீட்டுச் சுவரில் மூன்று தொங்குகின்றன. நாலாவதற்கு ஆணியை முன்கூட்டியே அடித்து வைத்தவன் நான்.

நெட்வொர்க் என்ஜினியர் வேலை. புதுச்சேரியின் டவர்கள் எல்லாம் என் திரையில் பச்சைப் புள்ளிகள். மெயின் ஆபீசிலிருந்து உப்பளம், அங்கிருந்து சுற்றி வைத்திக்குப்பம், மறுபடி ஆபீஸ் என்று வளையமாக ஓடும் முடி கனத்துக் கண்ணாடி இழையில் அவை தொங்குகின்றன. ஒரு பக்கம் அறுந்தால் கண்ணிமைக்கும் முன் சிக்னல் மறுபக்கம் சுற்றிப் போய்விடும். ஊருக்குத் தெரியவே தெரியாது.

திங்கட்கிழமை வாய்க்கால் தோண்டியவர்கள் உப்பளத்தில் கேபிளை அறுத்தார்கள். திரையில் ஒரு சிவப்பு. இழை ஒட்டுகிற அண்ணன் போன் செய்தார்.

"இன்னிக்கே ஒட்டிடறேன் சார். அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்துருக்கு, அப்புறம் வர முடியாது."

ஒட்டினால் நான் ஆபீசில் உட்கார்ந்து சோதித்துக் கொடுக்க வேண்டும். புதன்கிழமை எனக்கு நாலாவது சான்றிதழுக்குப் பரீட்சை.

"மறுபக்கம்தான் ஓடுதேண்ணே, யாருக்கு இன்னா நஷ்டம்? வெள்ளிக்கிழம பாத்துக்கலாம்."

'சேவை பாதிப்பு இல்லை' என்று எழுதி அலாரத்தை அடக்கினேன். புத்தகத்தைத் திறந்தேன்.

புதன்கிழமை பரீட்சையில் ஒரு கேள்வி: வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தால் என்ன செய்ய வேண்டும்? 'பாதுகாப்பு போய்விட்டது, உடனே சரிசெய்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சரியான விடை. மார்க் கிடைத்தது.

வெளியே வந்து போனை எடுத்தால் ஆபீசிலிருந்து வரிசையாக அழைப்புகள். வைத்திக்குப்பத்தில் ஜேசிபி மறுபக்கத்தையும் அறுத்திருந்தது. இரண்டு வெட்டுக்கும் நடுவே இருந்த டவர்கள் எல்லாம் ஊமை. ஒளியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஆஸ்பத்திரியில் இருந்த அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் போனபோது மீன் கூடைகளுக்கு நடுவே குழிக்குள் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பரீட்ச எப்டி சார்?"

"பாஸ்ண்ணே."

"பாத்தியா, நம்ம சார் பாஸாம்," என்றார் கேபிளைப் பார்த்து.

கடைசி இழையும் ஒட்டியது. என் போனில் டவர் புள்ளிகள் பச்சையாகின. அதே நொடியில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. தங்கச்சி. ஒரு மணி நேரமாக முயன்றும் லைன் போகவில்லையாம். அம்மா கடைசிவரை இவரைத்தான் கேட்டிருக்கிறார். அவர் கையுறையைக் கழற்றவில்லை. அப்படியே குழிக்குள் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் அம்மாவுக்கு மாலையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னாலதாண்ணே. திங்கக்கிழமையே ஒட்ட விட்டிருந்தா..."

அவர் நிமிராமல் சொன்னார்:

"உப்பளம் இன்னும் ஒட்டல சார்."