புளிப்பு சரியாகத்தான் இருந்தது

மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் அவளுக்கு 'மோப்பம்' என்றுதான் பெயர். சமையல் கொட்டகைக்கு அவள்தான் ராணி. அவளுடைய மூக்கைத் தாண்டி ஒரு கவளம்கூட யார் வாய்க்கும் போனதில்லை. சுமை தூக்கும் ஆட்கள் விடியலில் கேட்பது பழைய சோறும் வெங்காயமும்தான். பானையைத் திறந்து முகர்ந்து, "ம், எடுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் தட்டு நீளும். அந்த "ம்"முக்கு அங்கே அப்படி ஒரு மரியாதை. அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லாமல் என்ன?

அவளுடைய தம்பியும் அங்கேதான் மூட்டை தூக்கினான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். அதனாலேயே எல்லாரும் 'குள்ளன்' என்று கூப்பிட்டார்கள். அக்காவுக்கு அவனைத் தவிர வேறு யாரும் இல்லை. சாப்பாட்டில் மட்டும் அவன் இரண்டு ஆளுக்குச் சமம்.

மதியம் மிஞ்சிய சோற்றை அகலத் தட்டில் பரப்பி, சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைப்பது அவள் வழக்கம். அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தட்டெல்லாம் கழுவாமல் கிடந்தது. சோற்றை ஆழமான அண்டாவிலேயே விட்டு, ஈ மொய்க்காமல் இறுக்க மூடிவிட்டாள். இருட்டிய பிறகுதான் தண்ணீர் வந்தது. திறந்து கையை விட்டால், நடுவில் இன்னும் வெதுவெதுப்பு. முகர்ந்தாள். புதுச் சோற்று வாசனைதான். "தண்ணி ஊத்திட்டா சரியாயிடும்" என்று பானையில் கொட்டி, தண்ணீர் ஊற்றினாள்.

காலையில் திறந்தபோது புளிப்பு சரியாகவே இருந்தது. மேலே சின்னச் சின்னக் குமிழ். நாற்றமில்லை, கொழகொழப்பில்லை. "ம், எடுங்க" என்றாள்.

முதல் லோடுக்குப் போகிறவன் என்பதால் தம்பிதான் முதலில் உட்கார்ந்தான். "அக்கா, இன்னைக்குப் புளிப்பு தூக்கலா இருக்கு. இன்னொரு தட்டு போடு."

"வயிறா, கிட்டங்கியாடா அது?" என்றபடி போட்டாள். அவள் எப்போதும் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள்.

லாரியில் பாதி மூட்டை இறங்குவதற்குள் தம்பிக்கு வாந்தி ஆரம்பித்தது. இன்னும் மூன்று பேருக்கும் அப்படித்தான். அவர்கள் வாந்தி எடுத்துவிட்டு நிழலில் சாய்ந்தார்கள். தம்பிக்கு மட்டும் நிற்கவில்லை. அவள் பதறிப்போனாள். வயிற்றுச் சூட்டுக்கு எது கண்கண்ட மருந்து என்று அவளைக் கேட்க வேண்டுமா? பானையில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து, அந்தத் தண்ணீரிலேயே கரைத்து, உப்புப் போட்டு, அவன் தலையை மடியில் வைத்துப் புகட்டினாள்.

"வேண்டாங்க்கா, குமட்டுது."

"கண்ணை மூடிட்டு முழுங்குடா. உள்ள போனா குளுந்துரும்."

அக்கா சொன்னால் அவன் கேட்பான். முழுங்கினான். அது தங்கியதோ இல்லையோ, அவள் மறுபடியும் கரைத்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அவன் கண் மஞ்சளாகி, பேச்சும் குழறியது. கல்லீரல் செயலிழந்துவிட்டது என்றார்கள். டாக்டர் அம்மா அவளை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். அண்டா, மூடி, வராத தண்ணீர், எல்லாம் சொன்னாள்.

"அரிசியில ஒரு கிருமியோட விதை இருக்கும்மா. வேக வெச்சாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பா ரொம்ப நேரம் கிடந்தா அது முளைச்சு விஷத்தை விட்டுரும். சீக்கிரம் ஆறவெச்சு, நல்ல தண்ணி ஊத்தினா ஆபத்து குறைவு. புளிக்க வைக்கிற நல்ல கிருமி வளர்ந்து, கெட்டதை அடக்கிடும்."

"புளிச்சுதான் இருந்துச்சும்மா. நான் மோந்து பார்த்தேன்."

"புளிப்பு அந்தக் கிருமியைத்தான் அடக்கும். ஏற்கெனவே விட்ட விஷத்தைப் போக்காது. கொதிக்க வெச்சாலும் போகாது. அதுக்கு வாசனையும் கிடையாது." டாக்டர் குறிப்பேட்டைத் திறந்தார். "வாந்தி ஆரம்பிச்சதுக்கு அப்புறம் என்ன குடுத்தீங்க?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். டாக்டர் மறுபடி கேட்டார்.

"தண்ணி" என்றாள்.

தம்பி பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து கிட்டங்கி ஆட்கள் கொட்டகையில் கூடினார்கள். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஒருவன் காறித் துப்பியிருந்தால்கூட அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும். தம்பியோடு வாந்தி எடுத்துப் பிழைத்த மேஸ்திரி அவள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மனசைத் தேத்திக்க தாயி. எங்களுக்கெல்லாம் யாரு இருந்தா? அவனை மடியில போட்டு, கடைசி வரைக்கும் உன் கையால ஊட்டினியே. வேற என்ன வேணும் அவனுக்கு?"

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவள் தன் வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டாள்.