குழுவில் நான் சொன்ன இரண்டாவது வணக்கம்

தம்பி இறந்த இருபதாம் நாள், நைனா, எங்கள் அப்பா, என்னிடம் ஒன்று கேட்டார். "அவன் பேசுனது எதுனா இருக்குதாம்மா? ஒரு தபா கேக்கணும்."

எங்களிடம் எதுவும் இல்லை. அவன் மினிலாரி ஓட்டுபவன். எங்களுக்குப் போன் செய்து பேசுவானே தவிர, வாய்ஸ் அனுப்பியதில்லை. திண்டிவனம் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அமளியில் அவனுடைய செல்போனும் காணாமல் போயிற்று.

செஞ்சி வண்டி ஸ்டாண்டில் அவனோடு நிற்கும் டிரைவர் ஒருவர், தம்பி வாய்ஸ் போட்டுவந்த டிரைவர்களின் வாட்ஸ்அப் குழு பற்றிச் சொல்லி லிங்க் அனுப்பினார். அவர் செல்போன் புதிது, பழைய வாய்ஸ் அதில் இல்லை. தமிழ்நாடு முழுக்க எழுநூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

நான் பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடையில் மனு டைப் செய்பவள். கை பழகிய மாதிரியே எழுதினேன். "பெருமதிப்பிற்குரிய அண்ணன்மார்களுக்கு அன்பான வணக்கம். மிக அவசரம். தயவுசெய்து உதவுங்கள். விவரத்துக்கு இந்த நம்பரில் தனியாகத் தொடர்பு கொள்ளவும்." கடைசியில் ஆறு கும்பிடும் கைகள். என் கணக்கில் படம்கூட இல்லை.

ஐந்து நிமிடத்துக்குள் அட்மின் அதை அழித்து, என்னையும் நீக்கிவிட்டார். அதற்குள் ஒருவர் எழுதியதை மட்டும் படித்தேன். "வந்துட்டாங்கப்பா அடுத்த ஃபிராடு."

தம்பியின் சாவை வைத்து நான் ஏமாற்றப் போனதுபோல உடம்பு கூசியது. ஸ்டாண்டுக்குப் போய், எழுதியதை மறுபடி டைப் செய்து அந்த டிரைவரிடம் செல்போனை நீட்டினேன். படித்துவிட்டு அவர் செல்போனைத் திருப்பித் தந்தார்.

"இன்னாக்கா இது? நீ யாரு, எந்த ஊரு, இன்னா வேணும், ஒண்ணுமே இல்லியே. அவசரம், தனியா பேசுங்கன்னுதான் இருக்குது. போன மாசம் ஒருத்தி இப்டிதான் வந்தா. புருசன் ஆஸ்பத்திரில இருக்காருன்னு சொல்லி கியூஆர் கோடு போட்டா. பத்து பேரு பணம் அனுப்பிட்டானுங்க. எல்லாம் பொய்யி."

"மறுபடியும் அந்த லிங்க்ல போவட்டுமா?"

"நீக்கிட்டா லிங்க் வேல செய்யாது. அட்மின்தான் சேக்கணும். நான் பேசுறேன்."

அன்று சாயங்காலம் அட்மின் என்னை அழைத்தார். தம்பியின் வண்டி நம்பரையும், கடைசியாக ஏற்றிய லோடையும் கேட்டார். மணிலா மூட்டை, வேர்க்கடலை, என்றேன். யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. "பையன் ஏன் குரூப்ல பேசலைன்னு நெனச்சேம்மா. தப்பா எடுத்துக்காத. மொதல்ல நான் சொல்லிடறேன், அப்புறம் நீ போடு."

கணக்கில் என் படத்தை வைத்தேன். அட்மின் என்னை மறுபடி சேர்த்து, தம்பியின் வண்டி நம்பரைச் சொல்லி அறிமுகம் செய்தபின் எழுதினேன்.

"வணக்கம். நான் செஞ்சியிலிருந்து எழுதுகிறேன். உங்களோடு இந்தக் குழுவில் இருந்த மினிலாரி டிரைவரின் அக்கா. தம்பி போன மாதம் பதினெட்டாம் தேதி இறந்துவிட்டான். அப்பா அவன் குரலைக் கேட்க ஆசைப்படுகிறார். அவன் அனுப்பிய வாய்ஸ் யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள். பணம் எதுவும் வேண்டாம். யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப மாட்டேன்."

எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. 'இறந்துவிட்டான்' என்பதை நான்கு முறை அழித்து எழுதினேன்.

முதல் பதில், என்னை ஃபிராடு என்றவரிடமிருந்து வந்தது. "மன்னிச்சிரும்மா." பிறகு ஒவ்வொருவராக வாய்ஸ்களை ஃபார்வேர்டு செய்தார்கள். புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பழைய செய்திகள் தெரியாது. அவர்கள் போட்டால்தான் உண்டு. ஒன்றில், "அண்ணே, மழை ஊத்துது, பாத்து வாங்க. சாப்டீங்களா?" என்று முகம் தெரியாத யாரையோ கேட்டிருந்தான். நைனா அதைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "சாப்டேன்டா" என்றார்.

கடைசியாக வந்ததை நான் தனியாகத்தான் கேட்டேன். "நெஞ்சு எரியுதுண்ணே. கேஸுதான் போல. அக்காவாண்ட சொன்னா பயந்துக்கும். சோடா குடிச்சா சரியாயிடும்."

அனுப்பியவர் திருச்சி டிரைவர். கீழே எழுதியிருந்தார். "செத்துப்போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இருக்கும்மா. ஆஸ்பத்திரிக்குப் போடான்னு சொன்னேன். உங்க வீட்டுல யாருக்காவது சொல்லியிருக்கணும். நம்பர் இல்ல."

அவன் அதைச் சொன்ன அன்று நான் கடையில்தான் இருந்திருப்பேன். அங்கிருந்து அவன் வண்டி நிற்கும் ஸ்டாண்டுக்கு நடந்தால் ஐந்து நிமிடம்.

"உங்க மேல தப்பில்லண்ணே" என்று குழுவிலேயே எழுதினேன். நைனாவுக்கு அந்த வாய்ஸை இன்றுவரை போட்டுக் காட்டவில்லை.