அடி மூட்டு இல்லாத படம்

திரைச்சீலை தைக்கும் பட்டறையில் அவரைக் கத்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கனத்த துணியை மேசையில் விரித்து, சாக்குக்கட்டிக் கோட்டின் மேல் ஒரே ஓட்டமாக வெட்டுவார். தன் கை பிசகினால் முணுமுணுப்பார். மற்றவர் கை பிசகினால் தெருவுக்கே கேட்கும்.

விரல் நுனி மூட்டுகளில் பட்டாணி போன்ற கெட்டி முடிச்சுகள் அவருக்குப் பல வருஷமாக உண்டு. இரண்டு விரல்களின் நுனி கோணியும் இருந்தது. வேலை முடிந்தபின் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். அதோடு வெட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மழைக்காலத்தில் வந்தது வேறு வலி. காலையில் குழாயைத் திருக முடியவில்லை. இரண்டு கைகளும் மூட மறுத்தன. பொழுது நன்றாக ஏறிய பிறகே இளகின. கத்திரி வளையத்துக்குள் கட்டைவிரல் நுழைவதே பெரும்பாடாயிற்று.

"அக்கா, உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுற வேலையைப் பாருங்களேன்" என்றார் முதலாளி.

"அப்ப மேசையில யாரு நிப்பா? நீங்களா? ஸ்கேல் வெச்சாலே உங்க கோடு பாம்பு மாதிரி போகும்!"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். ஆனால் கோடை ஆர்டர் வருவதற்குள் கை சரியாகாவிட்டால் மேசை வேறொருவருக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துக் கிளினிக்கில், பெரிய ஆஸ்பத்திரியின் மூட்டுப் பிரிவுக்குக் கையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அங்கே படத்தைப் பார்த்து, யாரை முதலில் கூப்பிடுவது என்று தீர்மானிப்பார்களாம். படமெடுத்தது அவர் வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மத்தியான வெளிச்சத்தில் போனில் எடுத்தார். பதில் வந்தது: வயதால் வரும் தேய்மானம், வெந்நீர் ஒத்தடம் போதும், அவசரமில்லை.

"அவசரமில்லையாம்! என் கைதானே, அவங்களுக்கு என்ன!" என்று போனைக் கட்டிலில் வீசினார்.

விரல்கள் புறங்கையோடு சேரும் அடி மூட்டுகள் மழைக்காலத்திலிருந்தே உப்பியிருந்தன, இப்போது இன்னும் உப்பின. நடுவிலிருந்த பள்ளங்கள் மறைந்தன. "கை கொழுகொழுன்னு ஆயிடுச்சே, வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரர் வேடிக்கை பேசினார். அன்று அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

பிறகு ஆள்காட்டி விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கின. ஒருநாள் கத்திரி கோட்டை விட்டு விலகி, விலை உயர்ந்த துணி ஒன்று வீணானது. மறுநாள் காலை கையை வெந்நீரில் நனைக்காமல், விறைத்த கையோடு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"நம்பர் இல்லாம பார்க்க முடியாதும்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"நம்பர் வாங்க போன் அழுத்தணும். அழுத்த விரல் வரல. இந்தா பாரு!" இரு கைகளையும் கவுண்டர் மேல் வைத்தார். "தேய்மானம்னு எழுதின ஆளைக் கூப்பிடு."

சத்தம் கேட்டு வெளியே வந்தவர்தான் எழுதின ஆள், மூட்டுப் பிரிவு டாக்டர். கையைப் பார்த்ததும் உள்ளே அழைத்துப் போனார். நுனி முடிச்சை அழுத்தினார். எலும்பாகக் கெட்டியாக இருந்தது. அடி மூட்டை அழுத்தினார். பஞ்சு போல அமுங்கியது. நான்கு மூட்டுகளையும் சேர்த்துக் குறுக்கே பிடித்தபோது கத்திரியக்கா அலறினார். மணிக்கட்டும் வீங்கியிருந்தது.

"அம்மா, உங்களுக்கு ரெண்டு வியாதி. நுனியில இருக்கிறது தேய்மானம்தான். அடி மூட்டுலயும் மணிக்கட்டுலயும் இருக்கிறது முடக்குவாதம் மாதிரி தெரியுது. அது நுனி மூட்டைப் பெரும்பாலும் தொடாது."

"அப்ப ஏன் தேய்மானம்னு மட்டும் எழுதினீங்க?"

டாக்டர் பழைய படத்தைத் திறந்தார். நகங்களும் முடிச்சுகளும் பளிச்சென்று தெரிந்தன. நடு மூட்டோடு படம் முடிந்திருந்தது.

"கோணலா இருக்கிற இடத்தைத்தானே காட்டணும்னு எடுத்தேன்..." என்றார் வீட்டுக்காரர்.

"கொழுகொழுன்னு இருந்ததை விட்டுட்டீங்களா? முழுக் கையும் போன்ல அடங்காதா? அவ்வளவு பெரிய பஸ்ஸைத் திருப்பத் தெரிஞ்சவருக்கு!" பிறகு கத்திரியக்கா டாக்டரிடம் திரும்பினார். "பாதிக் கையை வெச்சு முழுத் தீர்ப்பு எழுதினீங்களே, நீங்க?"

"முழுக் கையும் வேணும்னு திருப்பி அனுப்பியிருக்கணும். காலையில விறைப்பு எவ்வளவு நேரம்னு கேட்டிருக்கணும். என் தப்புதான்."

"தப்புன்னா என் விரல் நிமிருமா?"

டாக்டர் சோதனைச் சீட்டை எழுதினார். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கப்பட்டன. முடக்குவாதம்தான். அடி மூட்டு எலும்பின் ஓரங்கள் அரிபடத் தொடங்கியிருந்தன. வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரை, இடையிடையே ரத்தச் சோதனை என்று ஆரம்பித்தார்கள். வீக்கம் வடியச் சில மாதங்கள் ஆயின. கை மூடியது. குழாய் திரும்பியது. எலும்பில் விழுந்த அரிப்பு மட்டும் ஆறவில்லை. வலது ஆள்காட்டி விரல் சாய்ந்தே நின்றது.

கோடை ஆர்டர் வந்தபோது மேசையில் அவர்தான் நின்றார். வளையத்தைத் துணி சுற்றி அகலமாக்கி, பிடியை மாற்றிப் பழகியிருந்தார். முன்போல ஒரே ஓட்டமாக வெட்ட வரவில்லை. மூன்று இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் படத்தைத் திட்டினார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் படமெடுக்க வந்தபோது, கத்திரியக்கா சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டார்.

"மணிக்கட்டோட எடு. ரெண்டு கையையும் எடு. ஒரு மூட்டை விட்டாலும் இங்கிருந்து நகர மாட்டேன்."