மூன்று ஆப், மூன்று விலை, ஒரு சங்கிலி

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, குடும்பக் குழுவுக்கு ஒரு பதில் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். சாப்பாட்டு மேசையில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் அவளுடைய போனில் தட்டினேன். அவளே தட்டியிருப்பாள். ஆனால் கண்ணாடியின் ஒரு கால் கழன்று, திருகாணி தேடிக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். சித்தி, அம்மாவின் தங்கை, மகளின் கல்லூரிக்காக ஒரு சங்கிலியை விற்க முடிவு செய்தாள். கடைக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை. மாமாவிடம் கொடுத்தாள். மாமா அவளுக்கு அண்ணன், அம்மாவுக்குத் தம்பி. தண்ணீர் கேன் போடும் வேன் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் தந்த சீட்டை மட்டும் காணோம். வேனில் எங்கோ விழுந்திருக்கும் என்றார்.

சித்தப்பாவுக்கு அது தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஞாயிறு காலை குழுவில் மூன்று ஸ்கிரீன்ஷாட் போட்டார். மூன்று ஆப், தங்கத்துக்கு மூன்று விலை. கீழே ஒரு வரி: “இதில் எந்த விலைக்குப் போட்டாலும் மச்சான் கொண்டுவந்தது குறைவு. பெரிய விலைக்குப் போட்டால் நாலில் ஒரு பங்கு காணோம். விளக்கம் சொல்லவும்.”

மாமா விளக்கம் சொல்லவில்லை. குழுவை விட்டு வெளியேறினார்.

“இவனுக்கு ரோஷம் மட்டும் இருபத்திநாலு கேரட்,” என்றாள் அம்மா. பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். “எழுதுடி. தம்பி, அவசரப்படாம படிங்கன்னு ஆரம்பி.” சித்தப்பாவையும் அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

அம்மா பத்தொன்பது வருடம் ஒரு நகைக்கடையின் பழைய நகை கவுண்டரில் இருந்தவள். அப்பா போனபோது எனக்கு ஆறு வயது. முதலில் கடையில் தட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. அப்புறம் பில். பழைய நகை கவுண்டருக்கு யாரும் விரும்பிப் போகமாட்டார்கள். புது நகை வாங்க வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள். விற்க வருகிறவர்கள் அப்படி வருவதில்லை. குறைத்துச் சொல்கிறாய் என்பார்கள். திருடி என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். அவள் தராசைத் திருப்பி எண் அவர்கள் பக்கம் தெரியும்படி வைப்பாள். உருக்குகிற இடத்துக்கு அவர்களையும் கூட்டிப்போய் நிறுத்துவாள். உருக்கும் முன் எடை, உருக்கிய பின் எடை, தரம், அன்றைய விலை, அந்த விலையைப் பார்த்த நேரம்: ஐந்தும் சீட்டில் இருக்கவேண்டும். நேரம் எதற்கு என்று முதலாளி கேட்டாராம். “விலை மதியம் மாறினா, காலையில வந்தவங்க சாயங்காலம் வந்து என்னைத்தானே பிடிப்பாங்க,” என்றாளாம். அதன் பிறகு எல்லாச் சீட்டிலும் நேரம் அச்சாகி வந்தது.

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது கீழே. சுருக்கம் மட்டும் என்னுடையது. அட்டவணையாகப் போடலாமா என்று கேட்டேன். “அட்டவணை போட்டா ஆபீஸ்ல இருந்து வந்த மாதிரி இருக்கும். உன் சித்தப்பா இன்னும் பயப்படுவார்,” என்றாள்.

“தம்பி, அவசரப்படாமப் படிங்க. மூணு ஆப்பும் பொய் சொல்லலை. மூணும் மூணு வேற பொருளோட விலை.

முதல் ஆப் வெளிநாட்டுச் சந்தை விலை. சுத்தத் தங்கம், இருபத்திநாலு கேரட். அங்கே அவுன்ஸ் கணக்கில டாலர்ல இருக்கும். தங்கத்துக்கு ஒரு அவுன்ஸ்னா முப்பத்தொரு கிராமுக்குக் கொஞ்சம் மேல. அதை கிராமாக்கி, டாலரை நம்ம காசாக்கிக் காட்டுது. இறக்குமதி வரி இதுல இல்லை. அந்த விலைக்கு இங்கே யாருக்கும் தங்கம் கிடைக்காது. இன்னிக்கு ஞாயிறு, அந்தச் சந்தை லீவு. அது வெள்ளிக்கிழமை முடிஞ்ச எண்லயே நிக்குது. இதை நூறுன்னு வச்சுக்கோங்க.

இரண்டாவது ஆப் நகை வியாபாரிகள் சங்கம் சொல்ற விலை. இறக்குமதி வரி சேர்ந்தா நூறு நூத்தியாறு ஆகும். ஆனா அவங்க காட்டுறது இருபத்திரண்டு கேரட். இருபத்திநாலுல இருபத்திரண்டு பங்குதான் தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி. அதனால நூத்தியாறு தொண்ணூத்தேழா இறங்கும். வரியால ஏறினது தரத்தால இறங்கிடுச்சு. அதனாலதான் முதல் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஒண்ணுன்னு நினைச்சிடாதீங்க.

மூணாவது ஆப் போன்லயே தங்கம் விக்கிற கம்பெனியோடது. சுத்தத் தங்கம், இறக்குமதி வரி, விற்பனை வரி, அவங்க லாபம் எல்லாம் சேர்த்து நூத்திப்பன்னிரண்டு. நீங்க பார்த்தது அவங்க நமக்கு விக்கிற விலை. அதே பக்கத்துல ‘விற்க’ன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொட்டுப் பாருங்க. நூத்திநாலுன்னு வரும். அதுவும் அவங்ககிட்ட வாங்கின தங்கத்துக்குத்தான். சங்கிலியை அந்த ஆப் வாங்காது.

சங்கிலி எடை இருபத்திநாலு கிராமையும் நீங்க மூணாவது விலையில பெருக்கியிருக்கீங்க. அந்தச் சங்கிலி இருபத்திரண்டு கேரட். அதனால இரண்டாவது விலையில பெருக்கணும். பெருக்கினா, காணோம்னு நீங்க சொல்ற தொகையில பாதிக்கு மேல அங்கேயே கிடைச்சிடும்.”

இங்கே நான் நிறுத்தினேன். என் போனில் கணக்குப் போட்டேன். நூற்றுக்கு ஐம்பத்தைந்து. அவள் மனக்கணக்காகச் சொன்னது சரி.

“மிச்சம் நாப்பத்தஞ்சு எங்கேம்மா?”

“அரக்கு,” என்றாள். “அந்தச் சங்கிலியில குண்டுகுண்டா மணி இருக்குமே, அது உள்ளே கூடு. நசுங்காம இருக்க அரக்கு அடைச்சிருப்பாங்க. தராசுக்கு அரக்குன்னு தெரியுமா, தங்கம்னு தெரியுமா? உருக்கினா புகையாப் போயிடும். குறைஞ்சது ரெண்டு கிராம். அப்புறம் பத்தவச்ச இடமெல்லாம் தரம் இறங்கும். கடைக்காரன் தன் பங்குக்கு நூத்துக்கு ரெண்டு எடுப்பான்.”

“அதையும் எழுதட்டுமா?”

அவள் நறுக்கிய பீன்ஸைக் கையால் ஒதுக்கினாள்.

“எழுதாதே. விலை எனக்குத் தெரியும், சொல்லிட்டேன். எடை நான் பார்க்கலை. பார்க்காத எடையை நான் எப்பவும் சொன்னது இல்லை.”

“கடைக்குப் போன் பண்ணிக் கேளேன். மாமா வித்தது நீ வேலை பார்த்த கடையிலதானே?”

“அதனாலதான் போன் வேண்டாம்கிறேன். நான் சொல்லிவச்சு அவன் சொன்னான்னு ஆயிடும். உன் சித்தப்பா தப்பா நினைக்கிற ஆள் இல்லை. பொண்டாட்டி கழுத்துல இருந்தது போயிடுச்சு, அந்த எரிச்சல். அவருக்குக் காகிதம் வேணும்.”

பதிலின் கடைசி வரிகளை அவளே போனை வாங்கி, கண்ணுக்கு அருகே பிடித்து, ஒற்றை விரலால் தட்டினாள்:

“மிச்சத்துக்கு உருக்கின சீட்டு வேணும். கடையில நகல் இருக்கும். வித்தவன் நேர்ல போனாத்தான் தருவாங்க. நாளைக்குக் கவுண்டர் ஆள் லீவு. செவ்வாய்க்கிழமை நானும் அவனும் போறோம். அதுவரைக்கும் என் தம்பியை யாரும் ஒண்ணும் கேக்கவேண்டாம்.”

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சித்தப்பாவிடமிருந்து: “விலை புரிந்தது அக்கா. ‘விற்க’ தொட்டுப் பார்த்தேன். நூற்றிநாலு கணக்குத்தான் வருகிறது. மிச்சத்துக்குச் செவ்வாய் வரை பொறுக்கிறேன்.” சித்தி அழுகிற முகம் ஒன்று போட்டாள். எதற்கு என்று தெரியவில்லை.

அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“டேய், செவ்வாய் பதினொரு மணிக்கு வேனை எடுத்துட்டு வா.”

“நான் வரலைக்கா. என்னைத் திருடன்னு ஊருக்கே போட்டாச்சு. இனிமே என்ன சீட்டு?”

“ஊரா? பதினோரு பேர் இருக்கிற குழு. அதுல நாலு பேர் குட் மார்னிங் மட்டும் போடுறவங்க. வாடா. அடையாள அட்டை எடுத்துக்க. சட்டையை மாத்திட்டு வா, கேன் போடுற சட்டையில வந்து நிக்காதே.”

“உனக்காக வர்றேன்.”

“எனக்காக ஒண்ணும் வரவேண்டாம். உன் தங்கச்சிக்காக வா. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது அவதான்.”

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு அம்மா குளியலறைக்குப் போனாள். ஏழரைக்கு நான் கதவைத் தட்டினேன். மாரடைப்பு என்றார்கள். அறுபத்தொரு வயது. நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். எந்தக் கருவிக்கும் பிழை எல்லை உண்டு, அதற்குள் இருந்தால் சரி என்று கையெழுத்துப் போடுவேன். ஒரு மாதம் முன்னால் அவளுடைய பரிசோதனை முடிவுகளைப் பார்த்தேன். எல்லாம் எல்லைக்குள் இருந்தன. சரி என்று சொன்னேன்.

எல்லோரும் வந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். செவ்வாய்க்கு எடுத்து வைத்ததாக இருக்கும். சித்தப்பா அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மாமா அதில் உட்காரவில்லை, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். சித்தி இருவருக்கும் தண்ணீர் கொண்டுபோனாள். முதலில் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றதை நான் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து மாமாவிடம் கேட்டேன், நான் கூட வருகிறேன், போய்விட்டு வரலாமா என்று.

“வேண்டாம்மா. அக்கா கூட்டிட்டுப் போயிருந்தா அது வேற. இப்ப நான் போய் நின்னா, அக்கா செத்த பத்தாம் நாள் கணக்கு சரிபார்க்கப் போனான்னு ஆயிடும்.”

சித்தப்பாவிடம் கேட்கவில்லை. அவரே சொன்னார். “நான் மச்சானைத் திரும்பக் குழுவில் சேர்த்தேன். அவர் வெளியே போயிட்டார். சீட்டு வேண்டாம்னு சொல்லிடவான்னு யோசிக்கிறேன். ஆனா வேண்டாம்னு சொன்னா, சந்தேகத்தோட விட்டுட்டேன்னு ஆகும் இல்லையா?” ஆகும் என்றேன்.

கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். மாமா கொடுத்த தொகை, வெள்ளிக்கிழமை விலை, கடைக்காரரின் இரண்டு சதவீதம், பற்றவைத்ததில் குறைந்த தரம் நூற்றுக்குத் தொண்ணூறு என்று வைத்து. உருக்கிய பின் எடை இருபத்தொன்றே முக்கால் கிராமை ஒட்டி இருந்தால் எல்லாம் சரி. அம்மா சொன்ன இரண்டு கிராம் அரக்குக்கு அது பொருந்துகிறது. மாமா எடுக்கவில்லை என்று நான் நம்புகிறேன். இதைக் குழுவில் போடவில்லை. அந்த எடையை நானும் பார்க்கவில்லை.

அம்மாவின் கைப்பை அலமாரியில் இருக்கிறது. உள்ளே பேருந்துக்குச் சில்லறை, முழங்காலுக்குத் தடவும் மருந்து, ஒரு துண்டுத் தாளில் அவள் கையெழுத்து: “வெள்ளிக்கிழமைச் சீட்டு, நகல் இரண்டு. ஒன்று தங்கச்சி வீட்டுக்கு, ஒன்று தம்பிக்கு.” கடையில் நகல்களை ஒரு வருடம் வைத்திருப்பார்கள். அவள் போகவில்லை, மாமாவும் இன்னும் போகவில்லை.