நான் போட்ட பதினாறு

முப்பத்தோரு வருஷம் துணி ஆலையில் கருவிப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பாய்லர், பாவுக்குக் கஞ்சி போடும் இயந்திரம், சாயத்தொட்டி என்று சூடாகும் எல்லாவற்றுக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சரிசெய்து வைப்பதுதான் என் தொழில். ஓய்வுக்குப் பிறகு சங்கரன்கோவில் ரயில்வே நிலையத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் பங்காளியாகச் சேர்ந்தேன். த்ரீ-டி பிரிண்டர் ஒன்றை வைத்து விசைத்தறிகளுக்கு உதிரிப் பாகங்கள் அடித்துக் கொடுக்கிற கடை. பிரிண்டர் பங்காளியுடையது. அவர் கடையநல்லூர்க்காரர். இருபது வருஷம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, இனிமேல் பிள்ளைகளோடுதான் இருப்பேன் என்று ஊருக்கு வந்தவர். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

அவரைத் திரும்பவும் விமானம் ஏற்றிவிட இருந்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

ஹாட்எண்டில் இருக்கும் ஹீட்டர் ஒருநாள் எரிந்துபோனது. ஹாட்எண்ட் என்பது பிளாஸ்டிக் இழையை உருக்கி மூக்கு வழியாக விடுகிற சிறு உலோகக் கட்டி. பழைய ஹீட்டருக்குப் பதிலாகக் கடையில் கிடைத்தது கொஞ்சம் கூடுதல் சக்தி உள்ளது. பங்காளிதான் வயர் இழுத்து அதை மாட்டினார். மாட்டியதும் சொன்னார்: "அண்ணாச்சி, ஹீட்டர் மாறிட்டுல்லா. ஆட்டோ ட்யூன் ஓட்டிருவோம். அதுவே சூடாக்கி ஆத்திப் பாத்து நம்பர் சொல்லிரும்."

"மெஷினுக்கு என்னவே தெரியும்?" என்றேன். "இதுல முப்பது வருஷம் கிடந்தவன் நான். கையாலேயே போட்டுத் தாரேன்."

கையால்தான் போட்டேன். முறை சரியான முறைதான். பி, ஐ, டி என்று மூன்று எண்கள். இப்போது எவ்வளவு சூடு குறைகிறது என்று பார்த்து உடனே அழுத்துவது முதலாவது. குறை தீராமல் நீண்டுகொண்டே போனால் அதைச் சேர்த்து வைத்துத் தள்ளுவது இரண்டாவது. சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே பிடித்து நிறுத்துவது மூன்றாவது. கடைசி இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டு, வெப்பம் ஒரே சீராக ஊசலாடத் தொடங்கும் வரை முதல் எண்ணை ஏற்றினேன். முப்பத்தாறில் ஆட ஆரம்பித்தது. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு முறை ஏறி இறங்க முப்பத்திரண்டு நொடி. பிறகு ஆலையில் நூறு தடவை போட்ட அதே கணக்கு: இருபத்திரண்டு, பதினாறு, நான்கு. பெட் எனப்படும் கீழே சூடாகிற தட்டுக்கும் அதே மாதிரி மூன்று எண்கள்.

எண்களை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இயந்திரத்தின் தலையில் ஒட்டினேன். எங்கள் ஆலையில் அது வழக்கம். கையெழுத்துப் போட்டவர் தவிர வேறு யாரும் அந்த எண்களைத் தொடக்கூடாது. பங்காளி தாளைப் பார்த்தார், சிரித்தார், தொடவில்லை.

மறுநாளிலிருந்து அச்சு கெட்டது.

மூக்கின் வெப்பத்தை இருநூற்று முப்பத்தைந்து டிகிரியில் வைத்தால் இருநூற்று நாற்பத்தொன்றுக்கு ஏறும், இருநூற்று இருபத்தொன்பதுக்கு இறங்கும், மறுபடியும் ஏறும். நாங்கள் அடித்த தறிச் சக்கரத்தின் சுவரில் ஒரு இடம் பளபளப்பு, அடுத்த இடம் மங்கல். மங்கிய இடத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டவில்லை. பெட் இன்னும் மோசம். சூடு ஏறி இறங்கியதில் சக்கரத்தின் விளிம்பு தட்டைவிட்டு எழும்பியது. இரண்டு தடவை வெப்பம் நெடுநேரம் விலகி நின்றதால் பாதுகாப்புக்காக இயந்திரம் பாதியிலேயே தானாக நின்றுவிட்டது.

அப்போது எங்களிடம் இருந்த ஒரே பெரிய ஆர்டர் கழுகுமலை ரோட்டில் தறிக்கூடம் வைத்திருக்கும் ஒரு அம்மாவுடையது. அவருடைய தறிகள் பழைய தறிகள். துணி சுற்றும் பக்கத்தில் நாற்பத்தொரு பல் சக்கரம் போட்டால்தான் வியாபாரி கேட்கிற நெருக்கத்தில் ஊடை விழும். அந்தச் சக்கரம் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. நாங்கள் கொடுத்த முதல் சக்கரத்தை அவர் மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்டிக் பையில் துண்டுகளாகக் கொண்டுவந்தார்.

"பாய், இது சக்கரமா முறுக்கா?" என்று மேஜையில் கொட்டினார். "அண்ணாச்சிக்கு இந்த வயசுலயும் நாலு பல்லு நிக்கி. இதுக்கு ஒண்ணுகூட நிக்கலியே."

பங்காளி சிரிக்கவில்லை. "அடுத்தது சரியா தாரேன்மா," என்றார்.

"தந்தா சரி. இல்லேன்னா தறிய எடைக்குப் போட்டுட்டு ஒம்ம கடையில வந்து உக்காந்துக்கிடுதேன்."

அந்த அம்மா போனதும் நான் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன். "வயர் எங்கயோ லூசா இருக்குவே. ஒம்ம கிரிம்ப்பதான் பாக்கணும்."

பங்காளி பார்த்தார். ஹீட்டர் வயரின் முனைகளை வெட்டி, உலோகக் குப்பிகளை மாட்டி நசுக்கிப் புதிதாகக் கிரிம்ப் அடித்தார். சரியாகவில்லை. வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டரை மாற்றினார். சரியாகவில்லை. பக்கத்தில் தறிகள் ஓடுவதால் கரண்ட் இறங்குகிறதோ என்று பவர் சப்ளையை மாற்றினார். அப்படியும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் பார்ப்பார். நான் தலையை ஆட்டி, "இன்னும் எங்கயோ இருக்கு," என்பேன்.

அந்த நாட்களில்தான் வளைகுடாவிலிருந்து அவருடைய பழைய கம்பெனிக்காரர்கள் போன் செய்தார்கள். அதே வேலை, அதே அறை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். "இந்தச் சக்கரம் நின்னா நானும் நிப்பேன் அண்ணாச்சி," என்றார் ஒருநாள் டீ குடிக்கும்போது. "ஒரு வயரக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியலன்னா இங்கன இருந்து என்ன செய்ய?"

செவ்வாய்க்கிழமை அவர் கனெக்டர் வாங்க ராஜபாளையம் போயிருந்தார். நான் தனியாக உட்கார்ந்து கணினியில் வெப்ப வரைபடத்தின் கோட்டைப் பார்த்தேன். அதுவரை எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தேன், கோட்டைப் பார்க்கவில்லை. அலை வழுவழுப்பாக இருந்தது. ஏற்றமும் இறக்கமும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. வயர் லூசாக இருந்தால் கோடு வெட்டி வெட்டிக் குதிக்கும். இது அப்படி இல்லை. கட்டுப்பாட்டு எண்கள் தப்பாக இருக்கும்போது வருகிற அலை. இந்த அலையை நான் ஆலையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

பிரிண்டரின் மென்பொருள் குறிப்பை எடுத்துப் படித்தேன். என் ஆலைக் கருவிகளில் இரண்டாவது எண் என்பது நேரம், இத்தனை நொடி என்று போடுவோம். எண் பெரிதானால் தள்ளுவது மெதுவாகும். இந்த பிரிண்டரில் அது நேரம் இல்லை, பலம். எண் பெரிதானால் தள்ளுவது முரட்டுத்தனமாகும். என் பதினாறு நொடியை இது பதினாறு என்ற பலமாக எடுத்துக்கொண்டது. போட்டிருக்க வேண்டியது இருபத்திரண்டைப் பதினாறால் வகுத்தால் வருவது, ஒன்று புள்ளி நான்கு. மூன்றாவது எண்ணும் ஆலையில் நேரம்தான், இங்கே பலம். அது நான்கையும் இருபத்திரண்டையும் பெருக்கி எண்பத்தெட்டு. நான் நான்கு என்று போட்டிருந்தேன். தள்ளுகிற கைக்குப் பத்து மடங்குக்கு மேல் பலம், பிடிக்கிற கைக்குப் பலமே இல்லை. ஆடாமல் என்ன செய்யும்?

புதிதாகப் படித்து வந்தவன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். நேரமாகப் போட்டுப் பழகிய என்னைப் போன்றவன்தான் செய்வான்.

சாயங்காலம் அவர் வந்தார். நான் சொல்லவில்லை. புதன்கிழமையும் சொல்லவில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்து எண்களை மாற்றிவிடலாம், அவர் கிரிம்ப் செய்ததால்தான் சரியானது என்று அவரும் சந்தோஷப்படட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இயந்திரத்தை விட்டு நகரவே இல்லை. வியாழக்கிழமை வயர்கள் முழுவதையும் உருவிப்போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்துத் திரும்ப மாட்டினார். எதிரில் நாற்காலியில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள். தப்பு எண்ணைப் போட்டதற்கு எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. அந்த மூன்று நாளுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை பகலில் கிளம்பும்போது அவர் சொன்னார்: "தொழுதுட்டு வந்து கம்பெனிக்குப் போன் பண்ணுதேன் அண்ணாச்சி, வாரேன்னு சொல்லிருதேன். மெஷின நீங்களே வச்சுக்கிடுங்க."

அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தேன். உட்காரும்வரை பொறுத்திருந்தால் மறுபடியும் வாய் மூடிக்கொள்ளும் என்று தெரியும்.

"ஒம்ம வயர்ல ஒரு குத்தமும் கிடையாது. முதல்ல இருந்தே கிடையாது. நான் போட்ட நம்பர்தான் தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் எழுதியும் காட்டினேன். அவர் ஏசி மெக்கானிக், இரண்டு நிமிஷத்தில் புரிந்துகொண்டார்.

"எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழம."

அவர் தாளை மேஜையில் வைத்தார். ரோட்டில் ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"நேத்து அந்த வயர மீட்டர்ல வைக்கும்போது எதுத்தாப்புலதான இருந்தீங்க?"

"ஆமா."

"விளையாட்டுச் செய்தி படிச்சீங்க. ஸ்கோர் வேற சொன்னீங்க."

"ஆமாய்யா."

"நான் என் கையத்தான் சந்தேகப்பட்டேன் அண்ணாச்சி. கை நடுங்க ஆரம்பிச்சிட்டோன்னு வீட்ல போய் டம்ளர்ல தண்ணி ஊத்திப் பிடிச்சுப் பாத்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லைப் பங்காளியிடம் சொல்வேன் என்று அதற்கு முன்பு நினைத்ததில்லை. அவர் எழுந்து கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். "ஆட்டோ ட்யூன் ஓட்டுதேன். இப்பமும் மெஷினுக்கு ஒண்ணும் தெரியாதா?"

"அதுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல. ஃபேன ஓடவிடும், அச்சடிக்கும்போது எந்த வேகமோ அதே வேகத்துல. ஹாட்எண்டுக்குச் சூட்டப் பிடிச்சு வைக்கிற அந்த சிலிக்கோன் உறையையும் மாட்டும். காத்து படாமப் பாத்த நம்பர் காத்து படும்போது நிக்காது."

உறையை மாட்டினார், விசிறியைப் போட்டார், இருநூற்று முப்பத்தைந்துக்கு எட்டுச் சுற்று ஓட்டினார். இயந்திரம் வேண்டுமென்றே சூட்டை ஏற்றி இறக்கி அளந்துவிட்டு மூன்று எண்களைக் காட்டியது. முதல் எண் இருபத்தொன்று புள்ளி ஆறு. இரண்டாவது ஒன்று புள்ளி நான்கு. மூன்றாவது எண்பத்து நான்கு. அவர் என் தாளில் நான் வகுத்தும் பெருக்கியும் எழுதிய எண்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"உங்க கைக்கடியாரம் சரியாத்தான் ஓடியிருக்கு," என்றார். அன்று அவர் முகம் முதல்முறையாகத் தளர்ந்தது.

பெட்டுக்குத் தனியாக ஓட்டினோம். அது கனமான தட்டு, மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், அதனால் முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு டீ. எண்களைச் சேமித்து, இயந்திரத்தை அணைத்துப் போட்டு, சேமித்தது நின்றிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, நாற்பத்தொரு பல் சக்கரத்தை ஏற்றினோம். வெப்பக் கோடு ஒரு தடவை மேலே போய்ச் சற்றே வழிந்து, இறங்கி, படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அரை டிகிரிகூட ஆடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். 

சாயங்காலம் ஆறு மணிக்குச் சக்கரம் வந்தது. சுவர் முழுக்க ஒரே பளபளப்பு. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தார். பிறகு மேஜை விளிம்பில் தட்டினார். பல் ஒன்றும் போகவில்லை.

தறிக்கூடத்துக்கு அவருடைய பைக்கில் போனோம். அந்த அம்மா சக்கரத்தை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தறியில் மாட்டச் சொன்னார். தறி ஓடியது. ஒரு முழம் துணி இறங்கும்வரை மூன்று பேரும் நின்றோம். அந்த அம்மா அங்குலக் கண்ணாடியை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை ஊடை நூல் என்று எண்ணினார்.

"இந்த மாதிரி இன்னும் ஆறு வேணும் பாய்," என்றார். "எப்ப கிடைக்கும்?"

தறிச் சத்தத்தில் பங்காளி கத்தித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "புதன்கிழம வாங்கம்மா. நான் கடையிலதான் இருப்பேன்."

வெளியே வந்து பைக்கை எடுக்கும் முன் போன் செய்தார். வேலை கொடுக்கிறவர்களிடம் பேசுகிற பணிவான குரலில், வர முடியாது என்று இரண்டு தடவை சொன்னார். போனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமயே சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருக்கணும்."

"ஏறுங்க," என்றார். ஏறி உட்கார்ந்தேன்.